அழுகின பழத்துக்கு யாரு காசு குடுக்குறா? - ஹட்டன் பக்கம் மாம்பழம் விற்கத் தொடங்குகிறவர்களுக்கு

இரண்டு சீசன் மாம்பழம் விற்று, கையில் ஒன்றும் மிஞ்சாமல் மூன்றாவது சீசனில்தான் கணக்கைப் பிடித்தேன். அதைப் பிடித்துக் கொடுத்தது ஒரு ஏழு வயதுப் பிள்ளை. புதிதாகப் பெட்டி எடுத்துத் தெருவோரம் உட்காரப் போகிறவர்கள் அந்த இரண்டு சீசனையும் என்னைப் போல வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் விற்பது ஹட்டன் டவுனில். டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் உட்காருகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு மேலே மாமரம் காய்ப்பது அபூர்வம், பழமெல்லாம் கீழேயிருந்துதான் ஏறி வருகிறது. யாழ்ப்பாணத்துக்காரரோ தம்புள்ளைக்காரரோ சொல்கிற விலையை நாம் சொல்ல முடியாது. வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். ஆனால் எவ்வளவு கூடும், ஏன் கூடும் என்று தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

1. எங்கே, எந்தப் பழம் எடுப்பது

மே முதல் ஜூலை வரைதான் பெரிய சீசன். வருடக் கடைசியில் சின்னதாக ஒன்று வரும், அப்போது பழம் குறைவு, விலை கூட. பெரும்பாலும் பழம் வந்து குவிவது தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில். நீங்களே அங்கே போக வேண்டியதில்லை. நுவரெலியாப் பக்கமிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு இறங்கும் லொறிகள் திரும்பி வரும்போது இடம் காலியாக இருக்கும். அப்படி வருகிற ஒரு டிரைவரைப் பிடித்து வைத்துக்கொண்டால், பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிடலாம். தனியாக வண்டி பிடித்தால் மூன்று பெட்டிக்காரர்களுக்குக் கட்டாது.

முதல் தடவையாவது ஒருமுறை கூடவே போய் வாருங்கள். நான் போகாமல் ஒரு மொத்த வியாபாரியிடம் போனில் சொல்லி எடுத்தேன். மேல் அடுக்கில் நல்ல பழம், கீழே கையளவு பிஞ்சு. பிஞ்சு பழுக்காது, தோல் சுருங்கி வாடும், அவ்வளவுதான். முற்றிய காயைக் கண்டுபிடிக்க காம்பைப் பாருங்கள். காம்பைச் சுற்றித் தோள் இரண்டும் மேலே எழும்பி, காம்பு ஒரு குழிக்குள் இருப்பது போலத் தெரிந்தால் முற்றியது. தோள் சரிந்து காம்பு துருத்திக்கொண்டு இருந்தால் பிஞ்சு. சந்தேகமாக இருந்தால் வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது அமிழும், பிஞ்சு மிதக்கும்.

வகையில் ஆரம்பக்காரர்களுக்கு நான் சொல்வது கறுத்தக்கொழும்பான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது பழுத்தாலும் முழு மஞ்சளாகாது, பச்சை கலந்தே இருக்கும். வாங்க வருகிறவர் "காயா இருக்கே" என்று நகர்ந்துவிடுவார். ஒரு பழத்தை வெட்டி உள்ளே இருக்கும் செம்மஞ்சள் சதையைத் தெரிய வைத்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். டொம் ஈஜேசி பார்க்கப் பெரிதாக, நல்ல மஞ்சளாக இருக்கும். ஆனால் ஒரு பழமே அரைக் கிலோ தாண்டும். லயத்திலிருந்து நான்கு பிள்ளைகளோடு வருகிற அம்மாவுக்கு ஒரு பழமாக அதை விற்பது கஷ்டம். டவுனில் சம்பளக்காரர்கள் நிறையப் பேர் வாங்குகிற இடமென்றால் மட்டும் எடுங்கள்.

2. பெட்டி வந்ததும் செய்ய வேண்டியது

சாக்கில் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பெட்டியில் எடுங்கள். கினிகத்தேனைக்கு மேலே வளைவுகளில் சாக்குக்குள் பழம் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி வரும். அந்த அடி அன்றைக்குத் தெரியாது, மூன்றாம் நாள் கறுப்பாகத் தெரியும்.

வந்த உடனே மூன்றாகப் பிரியுங்கள். இன்றைக்கு விற்கிறது, இரண்டு நாள் கழித்து விற்கிறது, அடிபட்டது. அடிபட்டதை மற்றதோடு வைக்கவே கூடாது, பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைத்து இழுத்துக்கொண்டு போகும். காம்பு உடைந்து பால் வடிந்த பழத்தை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். விட்டால் அந்தப் பால் தோலைச் சுட்டுக் கறை போடும், உள்ளே நன்றாக இருந்தாலும் யாரும் தொட மாட்டார்கள்.

கெடுவதில் மூன்று விதம் இருக்கிறது. தெரிந்துகொண்டால் யாரைத் திட்டுவது என்று தெரியும். கறுப்புப் புள்ளியாகத் தொடங்கிப் பரவுவது பூ விடும் காலத்திலேயே தோட்டத்தில் பிடிக்கிற நோய். காயாக இருக்கும்வரை ஒளிந்திருந்து பழுக்கும்போதுதான் வெளியே வரும். அதனால் பச்சைப் பசேலென்று அழகாக வந்த பெட்டி மூன்றாம் நாள் புள்ளி புள்ளியாக நிற்கும். அதற்காக லொறிக்காரரோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை. காம்படியிலிருந்து தண்ணீராக இளகிப் போவது இன்னொன்று. தோலில் ஊசி குத்தினது போல ஒரு துளை, வெட்டினால் உள்ளே புழு என்றால் அது பழ ஈ. இந்த மூன்றாவதை மட்டும் வாங்கும்போதே பார்த்து ஒதுக்கலாம்.

அப்புறம் நம் ஊர்க் குளிர். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மாம்பழம் நன்றாகப் பழுக்க 20 முதல் 24 பாகை செல்சியஸ் வரை வேண்டும். முற்றின காயைப் 13 பாகைக்குக் கீழே நாள் கணக்கில் வைத்தால் தோல் மங்கிச் சாம்பல் பூத்தது போலாகி, பிறகு என்ன செய்தாலும் சரியாகப் பழுக்காது. நான் முதல் வருடக் கடைசியில் இரண்டு பெட்டியைச் சீமெந்துத் தரையில் வெறுமனே வைத்துவிட்டுத் தூங்கினேன். அது அப்படியே போனது. இப்போது பலகை போட்டு, அடுப்பங்கரைச் சுவரோரம் வைத்து, பத்திரிகைத் தாள் இரண்டு மடிப்பு, மேலே சாக்கு. காற்றுப் போக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், முழுவதும் மூடினால் வியர்த்து அழுகும்.

சீக்கிரம் பழுக்க வேண்டுமென்று கல் போடாதீர்கள். கார்பைட்டால் பழம் பழுக்க வைப்பது தடைசெய்யப்பட்டது. பொது சுகாதாரப் பரிசோதகர் வந்தால் மொத்தமும் போகும். வெளியே மஞ்சளாகி உள்ளே வெள்ளையாகப் புளிக்கும் பழத்தை ஒருமுறை வாங்கினவர் மறுமுறை உங்கள் பக்கம் வரமாட்டார் என்பது வேறு.

3. அந்தப் பிள்ளை கேட்டது

இனி விலைக்கு வருகிறேன். முதல் இரண்டு சீசனிலும் நான் கிலோ 350 என்று தொடங்குவேன். "என்னக்கா இவ்ளோ சொல்றீங்க?" என்று கேட்பார்கள். நான் "டீசல் கூடிப்போச்சு, லொறிக்கூலி கூடிப்போச்சு" என்பேன். அவர்களும் டீசல் விலை கூடினதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். எல்லாக் கடையிலும் அதையேதான் கேட்டு வருகிறார்கள். யாரும் நம்பமாட்டார்கள், எனக்கும் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். கடைசியில் 280க்கு வந்து நிற்கும். 280 என்றாலும் லாபம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் போட்ட வாரம். கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா மகளோடு வந்தார். அம்மா வழக்கம்போல விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசிக்கொண்டே இளகின பழங்களைப் பொறுக்கிப் பின்னால் இருந்த பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்த அழுகின பழத்துக்கு யாரு காசு குடுக்குறா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க பாப்பா. அது என் தலையிலதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எங்கம்மாகிட்ட ஏன் கூட கேக்குறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. என் தலையில் என்றால், விலையில் அது இருக்கக் கூடாது. விலையில் இருக்கிறது என்றால், நான் சொன்னது பொய். அம்மாதான் சிரித்துவிட்டு மகளுக்குச் சொன்னார்: "மடுவத்துல கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, தண்ணிக்குன்னு கிலோ வெட்டுறாங்கல்ல? நம்ம பறிச்சது ஒன்னு, பேர்ல விழுறது ஒன்னு. அந்த மாதிரி இவங்களுக்கும் வெட்டு விழுது." பிறகு என்னிடம் திரும்பி, "எவ்ளோக்கா வெட்டு விழுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதுதான் என் இரண்டு வருடத்துக் கதை. அன்றைக்கு அவருக்கு 280க்கே கொடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

4. கணக்கு: வாங்கின கிலோவால் வகுக்காதீர்கள்

அந்த வாரத்துக் கணக்கை அப்படியே தருகிறேன். இன்றைய விலை வேறாக இருக்கும். முறையைப் பாருங்கள்.

மூன்று பெட்டி, பெட்டிக்கு 20 கிலோ, ஆக 60 கிலோ. கிலோ 200 வீதம் 12,000 ரூபா. லொறிக்கூலி 900. ஏற்றி இறக்கிய நாட்டாமிக்கு 150. லொறி நின்ற இடத்திலிருந்து கடைக்கு த்ரீவீல் 400. உட்காரும் இடத்துக்கு மூன்று நாள் துண்டு 300. பை, தாள் 250. எல்லாம் சேர்த்து 14,000.

நான் அதுவரை செய்தது என்ன? 14,000ஐ 60ஆல் வகுத்தேன், 233 வந்தது. 280க்கு விற்றால் கிலோவுக்கு 47 ரூபா லாபம் என்று சந்தோஷப்பட்டேன்.

இப்போது பெட்டியில் உண்மையில் நடந்ததைப் பாருங்கள். மூன்று நாளில் பழம் தண்ணீர் வற்றி எடை குறையும், அது 2 கிலோ. அழுகி எறிந்தது 7 கிலோ. ருசி பார்க்க வெட்டினது 1 கிலோ. அடிபட்டு முழு விலைக்குப் போகாதது 5 கிலோ, அதைக் கிலோ 150க்குத் தள்ளினதில் 750 ரூபா வந்தது. மிச்சம் 45 கிலோதான் நான் சொல்கிற விலைக்கு விற்ற பழம்.

ஆக 14,000இலிருந்து அந்த 750ஐக் கழித்தால் 13,250. அதை 45ஆல் வகுத்தால் 294 ரூபா சொச்சம். அதாவது கிலோ 294க்கு விற்றால்தான் போட்ட காசு திரும்பும். நான் 280க்கு விற்றிருக்கிறேன். 45 கிலோவுக்கு 12,600, அதோடு 750, மொத்தம் 13,350. மூன்று நாள் வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்து 650 ரூபா கையிலிருந்து போட்டிருக்கிறேன்.

இதில் இன்னும் என் கூலி சேரவில்லை. என் நாளுக்கு 1,350 போட்டேன், அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் அது. பறிக்கப் போயிருந்தால் கிடைத்திருக்கும் காசைவிடக் குறைவாக எனக்கு நானே கொடுத்துக்கொள்வதில் நியாயமில்லை என்று நினைத்தேன். மூன்று நாளுக்கு 4,050. அதையும் சேர்த்தால் 17,300. 45ஆல் வகுத்தால் 384. விலை 390 என்று வைத்தேன்.

280க்கு விற்றவள் 390 சொல்லப் போகிறாள் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். அடுத்த வாரமெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். தினமும் எறிந்த பழத்தைத் தராசில் போட்டு நிறுத்து எழுதினேன். இந்த வேலையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கண்ணால் பார்த்து "கொஞ்சம் போயிருச்சு" என்று சொல்கிறவர்களுக்கு 7 கிலோ எப்போதும் 3 கிலோ மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு பொறி, லொறியிலேயே வைத்துக் கூவி விற்கிறவர்கள். அவர்கள் 300 சொல்வார்கள். அவர்களிடம் மூன்று நாள் கழிவு கிடையாது. அன்றைக்கே இறக்கிவிட்டுப் போகிறார்கள், துண்டுக் காசும் பல நேரம் இல்லை. அந்த விலையோடு போட்டி போட்டு நீங்கள் இறங்கினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான் ஆகும். லொறி நிற்கிற நாளில் நான் அடிபட்ட பழத்தை முன்னால் எடுத்து வைத்து விற்றுவிடுவேன், நல்லதை மறைத்து வைப்பேன்.

5. விலையை எப்படிச் சொல்வது

அந்தப் பிள்ளையின் கேள்வியிலிருந்து எடுத்த மூன்று மாற்றங்கள் இவை.

கழிவுப் பெட்டியை மறைக்காதீர்கள். முன்பு அதைப் பின்னால் ஒளித்து வைப்பேன், அழுகல் தெரிந்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்ற பயம். இப்போது பக்கத்தில் வைக்கிறேன். ஈ மொய்க்காமல் மேலே ஒரு தட்டு மூடி, திறந்து காட்டக்கூடிய மாதிரி. விலை கேட்கிறவர் முகம் சுளித்தால் மூடியைத் திறக்கிறேன், அவ்வளவுதான். நல்ல பழத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு கை தூரம் இருக்கட்டும்.

இரண்டாவது, டீசலைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். நான் சொல்வது ஒரே ஒரு வரி: "20 கிலோவுக்குக் காசு குடுத்து எடுக்குறேன், முழு வெலைக்கு விக்கிறது 15 கிலோதான்." 60க்கு 45 என்பதை ஒரு பெட்டிக்குச் சுருக்கினது அது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 384 எப்படி வந்தது, த்ரீவீல் எவ்வளவு என்று ஆரம்பித்தால் கேட்கிறவருக்குத் தலை சுற்றும், ஏமாற்றுகிறீர்கள் என்றும் தோன்றும். தோட்டத்து ஆட்களுக்கு இந்த வரி உடனே பிடிபடும். மடுவத்தில் தினமும் பார்க்கிற விஷயம் அது. டவுன் ஆட்கள் சிலர், "அது உங்க வியாபார நட்டம், நாங்க ஏன் குடுக்கணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். "குறைஞ்ச விலைக்கு வேணும்னா அடிபட்டது இருக்கு, 150" என்று அந்தப் பெட்டியைக் காட்டுவேன். பாதிப் பேர் அதில் இரண்டு எடுத்துவிட்டு, நல்லதிலும் ஒன்று எடுப்பார்கள்.

மூன்றாவது, பழக் கணக்கிலும் விலை வைத்திருங்கள். கறுத்தக்கொழும்பான் நான் எடுக்கிற அளவில் கிலோவுக்கு மூன்று நிற்கும். ஒரு பழம் 130. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் ஒன்றுதான் வாங்கப் பார்க்கிறார். கிலோ 390 என்று கேட்டதுமே போய்விடுவார். "ஒன்னு நூத்தி முப்பது" என்றால் நிற்பார். ஆனால் ஒன்றாக விற்கும்போது ஆட்கள் பெரிய பழத்தையே பொறுக்குவார்கள். கடைசியில் சின்னது மட்டும் மிஞ்சும். அதனால் காலையிலேயே பெரியது தனி, சின்னது தனி, சின்னதுக்கு 110 என்று பிரித்துவிடுங்கள்.

பேரம் முழுவதும் விடவும் வேண்டாம். 390 சொன்னால் 384க்குக் கீழே இறங்கக் கூடாது என்று தெரிந்திருப்பதால் இப்போது எனக்குத் தடுமாற்றமில்லை. கிலோவில் பத்து ரூபாகூட விட முடியாத இடத்தில் நான் அடிபட்ட பழம் ஒன்றைக் கூடப் போட்டுக் கொடுப்பேன். அவருக்கும் பேரம் பேசின திருப்தி, எனக்கு 50 ரூபாவோடு முடியும். அதுவும் இரண்டு கிலோவுக்கு மேல் எடுத்தால்தான்.

அடிபட்டதிலும் மிகவும் போனதை வீணாக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. கெட்ட பக்கத்தை வெட்டி எறிந்து, நல்ல பக்கத்தைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சிறிய பையில் போட்டு ஸ்கூல் விடும் நேரத்தில் விற்கலாம். ஆனால் வெட்டின பழம் விற்கத் தொடங்கினால் அது வேறு வியாபாரம். சுகாதாரப் பரிசோதகர் மூடி, கத்தி, தண்ணீர் எல்லாம் பார்ப்பார். இரண்டு பெட்டிக்காரர்கள் அதில் இறங்க வேண்டாம். ஒருமுறை இறங்கி நான் விட்டுவிட்டேன்.

6. கடதாசி, தராசு, துண்டு

டவுனுக்குள் என்றால் நகர சபை, வெளியே என்றால் பிரதேச சபை. யாருடைய இடத்தில் உட்காருகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெருவின் ஒரு பக்கம் ஒரு சபை, மறுபக்கம் இன்னொன்று என்றும் இருக்கும். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று இரண்டையும் கொண்டுபோய் நேரில் கேளுங்கள். வதிவிடச் சான்று எடுக்கத் தோட்டத்தில் இருக்கிறவர்கள் அலுவலக நாள் எது என்று கேட்டுவிட்டுப் போங்கள். கிராம உத்தியோகத்தர் வெளி வேலையில் இருப்பார், நான் மூன்று தடவை சும்மா நடந்தேன். தினத் துண்டைக் கிழித்து எறியாதீர்கள். சீசன் முடியும்வரை வைத்திருந்தால் கணக்குக்கும் உதவும், "இன்னிக்குக் காசு கட்டல" என்று யாராவது வந்தால் காட்டவும் உதவும்.

தராசு வாங்கினால் போதாது. அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை ஒவ்வொரு வருடமும் இருக்க வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் எப்போது வந்து முத்திரை குத்துகிறார்கள் என்று கேளுங்கள், அந்த நாளை விட்டால் மறுபடி தேடிப்போக வேண்டியிருக்கும். சந்தையில் யாரோ விற்கிற பழைய தராசை மலிவென்று எடுத்தால் பார்த்து எடுங்கள். நான் எடுத்தது கிலோவுக்கு 30 கிராம் கூடக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது என் பழம்தான் போனது.

விலைப் பலகை கட்டாயம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை ஆட்கள் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான், வாடிக்கையாளர் முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கமும் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவிடுங்கள். நான் பலகையில் மூன்று வரி எழுதுகிறேன்: நல்லது கிலோ, நல்லது ஒன்று, அடிபட்டது கிலோ. பலகையில் ஒன்று எழுதிவிட்டு ஆளைப் பார்த்து வேறு சொன்னீர்களென்றால் நான் மேலே சொன்னதெல்லாம் வீண்.

7. எந்த நாள்

தோட்டங்களில் சம்பளம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டி வரும், அட்வான்ஸ் 25 பக்கம். அதற்கு அடுத்து வருகிற சனி, ஞாயிறுக்குப் பழம் பழுத்து நிற்க வேண்டும். முற்றின காய் நம் ஊரில் பழுக்க ஐந்தாறு நாள் எடுக்கிறது, கீழ்நாட்டில் அது சீக்கிரம் முடியும். ஆகவே ஞாயிற்றுக்கு வேண்டுமென்றால் முந்தின திங்கள் அல்லது செவ்வாய் காய் வந்து இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்து ஞாயிறு விற்கலாம் என்று நினைத்தால் பாதி காயாகவே நிற்கும். அரைப் பழமாகவே எடுத்தால் அந்த வாரத்துக்குச் சரி, ஆனால் கழிவு கூடும். சம்பளத்துக்கு முந்தின வாரம் ஒரு பெட்டிக்கு மேல் எடுக்காதீர்கள்.

8. கழிவு குறைந்தால் என்ன செய்வது

இதை முன்கூட்டி யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கேட்பார்கள். விலைக்குக் காரணம் கழிவு என்று சொல்லிவிட்டால், கழிவு குறைகிற வாரத்தில் விலையும் குறைய வேண்டும் அல்லவா?

என்னிடம் கேட்டது அதே பிள்ளைதான். அடுத்த அட்வான்ஸ் வாரம், வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டு வரும்போது நின்றாள். நேராகப் போய்ப் பெட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் விற்கத் தொடங்கியிருந்தேன், ஒரே ஒரு பழம் கிடந்தது.

"இன்னைக்கு கொறைச்சலாத்தானே இருக்கு? அப்ப வெலை கொறையுமா?"

முதல் நாளே இறங்கிவிடாதீர்கள், இதுதான் இங்கே உள்ள பொறி. கறுப்புப் புள்ளி வெளியே வருவதே மூன்றாம் நாள். வெள்ளிக்கிழமை சுத்தமாக இருந்த பெட்டியில் ஞாயிறு நாலு கிலோ போகலாம். நான் அவளிடம், "இன்னிக்குத் தெரியாது பாப்பா. ஞாயித்துக்கெழமை பின்னேரம் அம்மாவோட வா, பெட்டியைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அந்த வாரம் காய் நல்ல காய். அழுகினது 2 கிலோதான், எடை வற்றினது 2, வெட்டினது 1, அடிபட்டது 3. முழு விலைக்கு நின்றது 52 கிலோ. செலவு அதே 14,000, என் கூலி அதே 4,050, ஆக 18,050. அதில் அடிபட்டது விற்ற 450 போக 17,600. 52ஆல் வகுத்தால் 338. மூன்றாம் நாள் பின்னேரம் ஆறு கிலோ மிச்சமிருந்தது. அதுவரை 390க்கு விற்றிருந்ததால் எனக்குக் கையில் கொஞ்சம் கூடவே வந்திருந்தது. பலகையை அழித்து 340 என்று எழுதினேன்.

ஐந்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பிள்ளை மூடியைத் திறந்து கிடந்த பழத்தை எண்ணினாள், பலகையைப் பார்த்தாள். அம்மா இரண்டு கிலோ கேட்டார். நிறுத்துப் போட்டேன். அடிபட்ட பழம் அன்றைக்கு மிஞ்சவில்லை, அதனால் கூடப் போட ஒன்றுமில்லை. அவரும் கேட்கவில்லை.